மெனு அட்டைக்கு ஒரு கடிதம்

"அன்புள்ள தம்பிக்கு, நலம். நலமறிய ஆவல். மாடியில் ஏ.சி. ஹால் தை மாதம் திறக்கிறோம். மெனு அட்டை நீங்கள்தான் செய்து தர வேண்டும். எனக்குப் படம் போடத் தெரியாது. ஆனால் என்ன வேண்டும் என்று தெரியும். அதை எழுதுகிறேன்."

1989-இல் மதுரையில் ஓர் ஓட்டல் முதலாளி கோடு போட்ட தாளில், நீல மசியில், நான்கு பக்கத்துக்கு எனக்கு எழுதிய கடிதம் இப்படித்தான் தொடங்குகிறது. நான் அப்போது விளம்பர ஓவியன். போஸ்டர் கலரில் படம் வரைந்து, தூரிகையால் எழுத்து எழுதி, அட்டையில் ஒட்டி, பஸ்ஸில் சிவகாசிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். போன வருஷம் அதே ஓட்டலுக்கு இன்னொரு அட்டை செய்தேன். இப்போது கடையை நடத்துவது அவருடைய மகன். அவர் கேட்டதையும் அப்பா கேட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒருவர் வேண்டாம் என்றதெல்லாம் மற்றவர் வேண்டும் என்றதாக இருக்கிறது.

பெரியவரின் கடிதத்தில் முதல் வேண்டுகோள் குளுமை. "கீழே இருக்கிற கடை மாதிரி மேலே தெரியக் கூடாது. சித்திரை வெயிலில் படியேறி வருகிறவனுக்குக் கொடைக்கானல் வந்துவிட்டது போல இருக்க வேண்டும். அட்டையைக் கையில் எடுத்ததுமே அது தெரிய வேண்டும். வாழை இலை வேண்டாம். கீழே என் அப்பா காலத்திலிருந்து இலைதான். மேலே பீங்கான் தட்டு, முள்கரண்டி."

பிறகு அட்டைப் படத்துக்கான பதார்த்தங்கள். ஃப்ரைட் ரைஸ், சில்லி சிக்கன், தக்காளி சூப். மூன்றுதான். அந்தக் கடையின் பேரே கோலா உருண்டையில்தான் நின்றது. அதை ஏன் விட்டார் என்பதற்குக் காரணமும் எழுதியிருந்தார். "கோலா மத்தியானம் ரெண்டு மணிக்குத் தீர்ந்துவிடும். பிரியாணியும் அப்படித்தான். ராத்திரி குடும்பத்தோடு வருகிறவர் அட்டையில் பார்த்ததைத்தான் கேட்பார். இல்லை என்று சொன்னால் முகம் வாடிவிடும். எந்த நேரத்தில் கேட்டாலும் இருக்கிறதைத்தான் வெளியில் போட வேண்டும்."

மெனு அட்டை வேலையில் நான் கற்ற முதல் பாடம் இந்த நான்கு வரி. அட்டைப் படம் கடையின் பெருமையைக் காட்டுவது என்றுதான் ஓவியர்கள் நினைப்போம். மேஜையில் உட்கார்ந்தவருக்கு அது ஒரு வாக்குறுதி. விலை எதுவும் அட்டையில் அச்சாகக் கூடாது, உள்ளே தனித்தாளில் அடித்துப் பட்டுக் கயிற்றில் கோத்துக்கொள்கிறேன், கறி விலை ஏறினால் தாளை மட்டும் மாற்றலாம் என்றும் எழுதியிருந்தார். தாள் மாறிக்கொண்டே இருந்தது. அட்டை வருஷக்கணக்கில் உழைத்தது.

கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி: "வெளிச்சம் மங்கலாகத்தான் வைக்கப் போகிறோம். மேஜைக்கு மேலே சிவப்புக் கூடு போட்ட குண்டு பல்பு." சூழல் எப்படி இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதினாலும், வேலைக்கு உதவுவது இந்த மாதிரி ஒரு வரிதான். அட்டையை யாரும் ஜன்னலோரம் வைத்துப் படிப்பதில்லை. அந்த மேஜையில், அந்த பல்புக்குக் கீழேதான் படிக்கிறார்கள்.

நான் வண்ணம் தீட்டிய மாதிரியை எடுத்துக்கொண்டு, பாதி கட்டி முடித்திருந்த ஹாலுக்குப் போனேன். எலெக்ட்ரீஷியனிடம் ஒரு விளக்கை மட்டும் மாட்டச் சொல்லிக் கீழே பிடித்துப் பார்த்தேன். வெள்ளைத் தாளில் சிவப்பில் எழுதியிருந்த ஓட்டல் பெயர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைத் தாளும் சிவப்பாகத் தெரியும். சிவப்பு எழுத்துக்கும் தாளுக்கும் வித்தியாசம் போய்விடும். சில்லி சிக்கன் பிரமாதமாக ஜொலித்தது. ஃப்ரைட் ரைஸில் நான் ஆசையாகப் போட்டிருந்த பீன்ஸும் வெங்காயத்தாளும் கருகிப்போன துணுக்குகளாகத் தெரிந்தன. பச்சைப் பொருள் சிவப்பு வெளிச்சத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். திருப்பி அனுப்ப அதனிடம் ஒன்றும் இருக்காது.

குளுமைக்கு நீலம் வேண்டும், விளக்கோ சிவப்பு. அந்த விளக்கில் நீலம் கறுப்பை ஒட்டிப் போய்விடும். அதை எதிர்த்துப் போராடாமல் அப்படியே வைத்துக்கொண்டேன். அட்டை முழுவதும் அடர்நீலம், எழுத்து மட்டும் தாளின் வெள்ளை. எந்த நிற வெளிச்சம் விழுந்தாலும் வெள்ளைதான் அதிகமாகத் திருப்பி அனுப்பும், அதனால் இருட்டில் எழுத்து தனியாக நின்றது. ஃப்ரைட் ரைஸில் பச்சையைக் குறைத்து கேரட்டையும் முட்டையையும் கூட்டினேன்.

சிவகாசியில் அச்சகத்துக்காரர் இன்னொரு ஆபத்தைச் சொன்னார். வெள்ளை எழுத்து என்பது மை விழாத இடம். சுற்றிலும் நாலு மையும் விழுந்தால், ஒரு மை மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்குள் கசியும். ஆங்கில எழுத்து தப்பிக்கும். ண, ஞ, ழ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். அதனால் நீலத்தை சியான், மெஜெந்தா இரண்டே மையில் எடுத்து, எழுத்தின் கோடுகளைத் தடிப்பாக்கி, சுழிகளை அகலத் திறந்து வைத்தேன். பெரியவர் அட்டையை வாங்கி முதலில் படத்தைப் பார்க்கவில்லை. விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பேரைப் படித்தார்.

மகன் கடிதம் எழுதவில்லை. வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவுகள், படங்கள். "அண்ணே, தாத்தா காலத்து ஃபீல் வேணும்ணே. ஆத்தங்குடி டைல்ஸ், பித்தளை டம்ளர், வாழை இலை. அட்டையே பழைய பிரவுன் பேப்பர்ல இருக்கணும். பளபளன்னு எதுவும் வேணாம்." அப்பா ஏ.சி. ஹாலாகக் கட்டிய மாடியில் இப்போது கூரை வேய்ந்த திண்ணை மாதிரி ஒரு மூலை இருக்கிறது. சைனீஸ் வகை கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது. அட்டைக்கு அவர் கேட்டவை கோலா உருண்டை, வெள்ளைப் பணியாரம், இடியாப்பம்.

அவருக்கு ரசனை இல்லை என்று நான் நினைக்கவில்லை. அப்பாவின் வாடிக்கையாளர்கள் வீட்டில் இலையில் சாப்பிட்டுவிட்டு, ஒரு நாள் பீங்கானில் சாப்பிட மாடி ஏறினார்கள். மகனின் வாடிக்கையாளர்கள் வீட்டில் பீங்கானில் சாப்பிட்டுவிட்டு இலைக்காக வருகிறார்கள். வீட்டில் கிடைக்காததைத்தான் இருவரும் அட்டையில் கேட்டார்கள். கோலா எத்தனை மணி வரை கிடைக்கும் என்று கேட்டேன். "எப்ப கேட்டாலும் உண்டுண்ணே, உருட்டி ஃப்ரீசர்ல இருக்கும், ஆர்டர் வந்தா பொரிச்சுக் கொடுத்துருவோம்" என்றார். அந்த விஷயம் தீர்ந்தது.

தீராதது பிரவுன் பேப்பர். அனுப்பிய வடிவமைப்பை அவர் போனில் பார்த்தார். வெள்ளைப் பணியாரம் திரையில் பளீரென்று இருந்தது, ஓகே என்றார். போன் திரை தானே வெளிச்சம் விடுவது. நாலு வண்ண அச்சில் வெள்ளை மை கிடையாது, தாளின் வெள்ளைதான் வெள்ளை. தாள் பழுப்பு என்றால் பணியாரமும் பழுப்பு. அதோடு ஆஃப்செட் மை கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். அடியில் இருக்கும் பழுப்பு மேலே ஏறி, பச்சை இலை காய்ந்த சருகின் நிறத்துக்கு வரும். சொன்னால் நம்பும் விஷயமில்லை இது. அதே தாளில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போய்க் கையில் கொடுத்தேன். "இடியாப்பம் கேப்பையில செஞ்ச மாதிரி இருக்கேண்ணே" என்றார்.

வழி இரண்டு இருந்தது. படத்தைக் கைவிட்டுக் கறுப்புக் கோட்டோவியமாக மாற்றுவது ஒன்று. பிரவுன் தாளில் கறுப்புக் கோடு அழகாக நிற்கும், செலவும் குறைவு. ஆனால் அவருக்கு நிறம் வேண்டும். ஆகவே இலையும் பலகாரமும் வரும் இடத்தில் மட்டும் முதலில் ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் வெள்ளை அடித்து, காயவிட்டு, அதன்மேல் நாலு வண்ணம். அந்த வெள்ளை, படத்தின் அளவுக்கே இருந்தால் கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். அதனால் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் உள்வாங்கி வைத்தேன். சில நூறு அட்டைக்கு இந்தக் கூடுதல் செலவு தாங்கும். ஆயிரக்கணக்கில் என்றால் கோட்டோவியத்துக்கே போகச் சொல்லியிருப்பேன்.

எழுத்தையும் அவர் காப்பிக்கொட்டை நிறத்தில் கேட்டிருந்தார். விளக்கு என்ன என்று நானாகக் கேட்க வேண்டியிருந்தது. பிரம்புக் கூடைக்குள் மஞ்சள் எல்.இ.டி. அந்த வெளிச்சத்தில் பழுப்புத் தாளில் பழுப்பு எழுத்தைப் படிக்க, வயதானவர்கள் போனில் டார்ச் அடிக்க வேண்டியிருக்கும். எழுத்து முழுக் கறுப்பானது.

கடைசிப் பிரதியைக் காட்டப் போனபோது பெரியவர் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண் மங்கிவிட்டது. அட்டையை முகத்துக்கு அருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "இலை நுனி சாப்பிடுறவருக்கு இடது கைப் பக்கம்ல வரணும்? இது வலது பக்கம் கிடக்கு" என்றார். ஓட்டல் பெயருக்கு ஓரத்தில் இடம் வேண்டும் என்று, படமெடுத்தவர் கொடுக்கும்போதே இடவலமாகத் திருப்பிவிட்டிருந்தார். அப்படியே திரும்பவும் புரட்டிவிடலாம் என்று பார்த்தால், ஓட்டல் பெயர் போய் நுனிமேல் உட்கார்ந்தது. பெயரை இடம் மாற்றினால் கயிறு கோக்கும் பக்கத்தோடு மோதியது.

மறுநாள் மத்தியானம் கூட்டம் குறைந்ததும் மாடியிலேயே புதுப் படம் எடுத்தோம். ஈரத்துணியால் துடைத்த தலைவாழை இலை, நுனி இடப்பக்கம். மேல்பக்கம் உப்பும் ஊறுகாயும் எங்கே விழ வேண்டும் என்று பெரியவர் நாற்காலியில் இருந்தபடி கை நீட்டிச் சொல்ல, மகன் பரிமாறினார். கோலாவைப் பொரித்த சூட்டில் வைத்தோம். ஆறினால் மேலே எண்ணெய் மினுமினுப்பு போய் அச்சில் மண்ணுருண்டை போலத் தெரியும். அந்த மினுமினுப்பில் மை விழாமல் ஒரு புள்ளி வெள்ளை விட்டால்தான் மொறுமொறுப்பு கண்ணுக்குத் தெரியும்.

எண்ணெய் விரல் படும் அட்டை என்பதால் மேட் லேமினேஷன் போட மகன் சம்மதித்தார். விலை உள்ளே தனித்தாளில், கயிறு கோத்து. அதை மட்டும் நான் எடுத்துச் சொல்லவில்லை. அவராகவே கேட்டார்.