பனியா, பிளஸ்ஸா?

கேள்வி: ஏற்காட்டில் பழைய வீடு எங்களுடையது. கதவுக் கீலின் ஸ்க்ரூவைக் கழற்றப் போனாலே தலை மழுங்கிவிடுகிறதே, மலைப்பனியின் வேலையா?
– வாசகர், ஏற்காடு

பதில்: பாதிப் பழி பனிக்கு. ஈரத்தில் துருவேறிய ஸ்க்ரூ மரத்தைக் கவ்விக்கொள்ளும். மீதிப் பழி உங்கள் கையிலுள்ள ஸ்க்ரூடிரைவருக்கு.

கீல் ஸ்க்ரூவுக்குப் பெரும்பாலும் 2-ம் நம்பர் பிளஸ் முனை வேண்டும். வீட்டில் கிடப்பதோ ரேடியோ பிரிக்க வாங்கிய 1-ம் நம்பர். அது உள்ளே போகும், ஆனால் ஆடும். திருகினால் வழுக்கி மேலேறி, பள்ளத்தின் ஓரத்தைச் சுரண்டிவிடும். செருகி அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அடுத்த நம்பருக்குப் போங்கள். ஒற்றைக் கோடு போட்ட தலையென்றால் முனை அந்தக் கோட்டின் நீளத்தையும் கனத்தையும் நிரப்ப வேண்டும். ஆறு முனை நட்சத்திரத்தில் ஏமாறுவது இன்னும் சுலபம்: 25-க்கான குழியில் 20-ம் நுழைந்து, நல்லபிள்ளை போல நடிக்கும்!

தாத்தா காலத்திலிருந்து அடித்த பெயின்ட் குழியை அடைத்திருக்கும். முதலில் ஊசியால் தோண்டியெடுங்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். பிறகு பலத்தில் முக்கால் பங்கை அழுத்தவும் கால் பங்கைத் திருகவும் செலவிடுங்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சிறு அசைவு கொடுத்தால் துருவின் பிடி விடும், அப்புறம் கழற்றலாம்.