மளிகைக்கு ஒரு துணைக்கால்

ஆரணிக்கு இரண்டு விஷயங்களில் பெயர் உண்டு. ஒன்று பட்டு, மற்றொன்று அரிசி. இரண்டையும் ஒரே பலகையில் சேர்த்துவைத்த பெருமை என் மச்சானின் கடையைச் சேரும். ‘பட்டு மாளிகை’ என்று எழுதக் கொடுத்த பெயர், ‘பட்டு மளிகை’ என்று வந்து வாசலில் ஏறிக்கொண்டது. (அதற்கு முன்னால் உள்ள குலதெய்வத்தின் பெயரைக் குடும்ப மானம் கருதி விட்டுவிடுகிறேன்.) முகூர்த்தப் புடவை எடுக்க வேலூரிலிருந்து வந்தவர்கள் வாசலில் தயங்கி நின்றார்கள். களம்பூர் அரிசி சிப்பம் என்ன விலை என்று கேட்க வந்தவர்கள் தயங்காமல் உள்ளே நுழைந்தார்கள்.

தமிழ்நாட்டில் கடைப் பலகைக்கு ஒரு விகிதம் இருக்கிறது. தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3 பங்கு, வேறு மொழி இருந்தால் அதற்கு 2 பங்கு. மச்சான் சட்டத்தை மதிப்பவர். அதனால் பிழையும் 5 பங்கு அளவில், ஒரு அடி உயரத்தில், ராத்திரியில் விளக்கோடு எரிந்தது. கீழே 3 பங்கு ஆங்கிலத்தில் ‘சில்க் பேலஸ்’ என்று எழுத்துப் பிசகாமல் இருந்தது.

ஃப்ளெக்ஸ் பேனராக இருந்தால் கிழித்துப்போட்டு வேறு அடித்திருக்கலாம். இது 12 அடிக்கு 3 அடி ஏசிபி பலகை. அதன் மேல் சிவப்பு அக்ரிலிக்கில் வெட்டிய எழுத்துகள், ஒவ்வொன்றுக்கு உள்ளேயும் எல்.இ.டி. முழுவதையும் மாற்றினால் ஒரு தறியின் மாத வருமானம் போய்விடும் என்றார் மச்சான். ஒரே ஒரு துணைக்காலை மட்டும் வெட்டி நடுவில் செருகிவிடுவதாகத் திட்டம். பலகை செய்து கொடுத்தவரைக் கேட்டால், கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணிவிட்டதால் ஃபைல் இல்லை என்றார். சரி, என்ன ஃபான்ட் என்றாவது சொல்லுங்கள் என்றதற்கு, “தமிழ் ஃபான்ட்தாங்க” என்று பதில் வந்தது.

நான் ஒரு காலத்தில் டி.டி.பி. கடை வைத்திருந்தவன். அதனால் உலகத்தில் உள்ள எழுத்துருக்கள் எல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள் என்று என் மாமனார் வீட்டில் ஒரு நம்பிக்கை. “மாமா, பாத்தவுடனே சொல்லிடுவீங்க” என்று மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ராத்திரி எடுத்த படம். விளக்கு எரியும்போது ஒளி விளிம்பைத் தாண்டிக் கசியும். எழுத்து எல்லாமே இரண்டு சுற்றுப் பெருத்துத் தெரியும். அதை வைத்து ஃபான்ட் தேடினால் கடைசிவரை குண்டு ஃபான்டுகளாகத்தான் அகப்படும். போதாததற்குப் பலகைக்குக் குறுக்கே ஒரு மாவிலைத் தோரணம்.

“விளக்க அணைச்சிட்டு, வெயில் நேரா அடிக்காதப்ப, எதிர்க் கடை வாசல்ல நின்னு ஜூம் பண்ணி எடுப்பா. அனுப்பும்போது போட்டோவா அனுப்பாத, டாக்குமென்டா அனுப்பு. இல்லன்னா வாட்ஸ்அப் அத நசுக்கித்தான் குடுக்கும்” என்றேன். எதிர்க் கடைக்குப் போகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பலகைக்குக் கீழேயே நின்று அண்ணாந்து எடுத்தால் எழுத்தின் தலை குறுகிக் கால் அகலும். அத்தோடு இது இரண்டு அங்குலம் முன்னால் துருத்தி நிற்கும் எழுத்து. கீழிருந்து பார்த்தால் முகத்தோடு தாடையும் சேர்ந்து தெரியும். நமக்கு முகத்தின் கோடு மட்டும்தான் வேண்டும். எதிர்க் கடையும் பட்டுக் கடை, போட்டிக் கடை. அவர்கள் சிரித்துக்கொண்டே நாற்காலி போட்டு ஏற்றிவிட்டார்களாம்.

புதுப் படம் வந்ததும் முதல் வேலை, அதை நிமிர்த்துவது. பலகை 12க்கு 3 என்பது தெரியும். படத்தில் கோணலாகத் தெரியும் அதன் நான்கு மூலைகளையும் இழுத்து, நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஒரு செவ்வகமாக்கிவிட்டால் உள்ளே உள்ள எழுத்தும் கோணல் தீர்ந்து நேராகிவிடும். இதைச் செய்யாமல் எதை அளந்தாலும் அது கேமராவின் கோணலை அளந்ததாகத்தான் ஆகும். மச்சான் ஏணியில் ஏறி, புடவை அளக்கும் மீட்டர் கம்பியாலேயே ‘ப’வின் உயரத்தை அளந்து, 30 சென்டிமீட்டர் என்றார். கூடவே பழக்கதோஷத்தில், “பிளவுஸ் பிட் தனி” என்றும் சொன்னார்.

படத்தைப் போட்டால் ஃபான்டின் பெயரைச் சொல்லும் இணையதளங்கள் இருக்கின்றன. ஆனால் அவை ஆங்கில எழுத்துக்குப் பழகியவை. ஒன்றில் போட்டுப் பார்த்தேன். அது ‘ப’வை U என்றும் ‘ட’வை L என்றும் படித்து, ULL என்ற சொல்லுக்குப் பொருத்தமாக வரிசையாகப் பத்து ஆங்கில ஃபான்டுகளைச் சிபாரிசு செய்தது. ஆகத் தமிழ்ப் பலகைக்குக் கண்தான் கருவி.

கண்ணை எங்கே வைப்பது என்பதுதான் விஷயம். நான் முதலில் பார்ப்பது புள்ளியை. ‘பட்டு’வில் ‘ட்’டின் தலையில் இருக்கும் புள்ளி படத்தில் 72 பிக்சல் அகலம், 60 பிக்சல் உயரம் இருந்தது. அதாவது அது வட்டமாக இல்லை, கோழிமுட்டையைப் படுக்கவைத்த மாதிரி இருந்தது. முட்டைப் புள்ளி வைத்த தமிழ் ஃபான்ட் அபூர்வம். பலகை நீளமாக இருக்கிறதே, பெயர் நிறைய இடம் அடைக்கட்டுமே என்று யாரோ எழுத்தைப் பக்கவாட்டில் இழுத்திருக்கிறார் என்று அர்த்தம். 72ஐ 60ஆல் வகுத்தால் 1.2. அப்படியானால் 120 சதவீதம் இழுத்திருக்கிறார்.

ஒரு சாட்சி போதாது என்று ‘ட’வையும் விசாரித்தேன். அதில் ஒரு நிற்கும் கோடு, ஒரு படுத்த கோடு. பக்கவாட்டில் இழுத்தால் நிற்கும் கோடுதான் தடிக்கும். படுத்த கோட்டின் தடிமன் மாறாது. நிற்பது 60 பிக்சல், படுத்தது 50 பிக்சல். இங்கேயும் 1.2. இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போனதால், படத்தை அகலவாக்கில் 1.2ஆல் குறுக்கினேன். அதுவரை யாரென்றே தெரியாத முகம், எங்கேயோ பார்த்த முகமாகிவிட்டது. பலகை எழுத்தை அடையாளம் காணமுடியாமல் போவதற்குப் பாதிக் காரணம் இந்த இழுவைதான். ஃபான்ட் எதிரிலேயே நிற்கும், மாறுவேஷத்தில் நிற்கும்.

அடுத்தது, கோட்டின் முனை. இந்த எழுத்துகளின் முனையெல்லாம் மழுங்கி உருண்டிருந்தன. இதில் ஒரு சூது இருக்கிறது. அக்ரிலிக்கைச் சுழலும் பிட்டால் வெட்டும்போது, பிட் உருண்டையாக இருப்பதால் எழுத்தின் உள்மூலைகள் தானாகவே உருண்டுவிடும். அது மெஷினின் குணம், ஃபான்டின் குணம் அல்ல. ஆனால் வெளிமூலையை மெஷின் கூராகவே வெட்டும். ஆகவே வெளிமுனையும் உருண்டிருந்தால் அது ஃபான்ட் பிறவியிலேயே கொண்டுவந்தது. இந்த ஒரே கேள்வியில் முனை தட்டையாக முடியும் Catamaran, Mukta Malar போன்றவை எல்லாம் விடுதலையாகி வீட்டுக்குப் போய்விட்டன.

மீதி இருந்த உருண்டை முனைக்காரர்களை வரிசையாக நிறுத்தி, ‘பட்டு மளிகை’ என்ற அதே சொற்களை ஒவ்வொன்றிலும் அடித்துப் பார்க்கவேண்டும். வேறு சொற்களை அடித்துப் பார்ப்பதில் பயன் இல்லை. இந்த இடத்திலும் கம்ப்யூட்டர் ஒரு வேலை செய்யும். யூனிகோடுக்கு முந்திய பழைய தமிழ் ஃபான்டுகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு இன்றைய முறையில் அடித்தால், அந்த ஃபான்டில் அந்த எழுத்து இல்லையே என்று அது நம்மிடம் சொல்லாது. சத்தம் போடாமல் Nirmala UI போன்ற ஒன்றை எடுத்துப் போட்டுவிடும். மேலே ஒரு ஃபான்டின் பெயர் இருக்கும், கீழே இன்னொரு ஃபான்டின் முகம் இருக்கும். ஐந்தாறு ஃபான்டுகள் அச்சாக ஒரே மாதிரி தெரிந்தால் அங்கே ஆள்மாறாட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்கு அவற்றின் பாஷையில்தான் பேசவேண்டும். பாமினி என்றால் `gl;L kspif` என்று அடிக்கவேண்டும். மாளிகை வேண்டுமானால் `khspif`. பாமினியில் ஒரு மாளிகைக்கும் மளிகைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு `h` தான்.

கடைசியில் பொருந்தியது Baloo Thambi 2. மும்பையில் உள்ள ஏக் டைப் என்ற குழு வரைந்தது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. ரெகுலரிலிருந்து எக்ஸ்ட்ராபோல்ட் வரை ஐந்து கனங்கள் உண்டு. எந்தக் கனம் என்று தெரிந்துகொள்ள, இழுவையில் மாறாத படுத்த கோட்டைத்தான் நம்பவேண்டும். அது 50, எழுத்தின் உயரம் 300. ஆறில் ஒரு பங்கு. அந்தக் கணக்குக்குப் போல்ட் ஒத்துவந்தது. அதை 120 சதவீதம் இழுத்து, படத்தின் மேல் பாதி ஊடுருவித் தெரியும்படி வைத்து, முதல் எழுத்தான ‘ப’வைப் பொருத்திவிட்டுக் கடைசி எழுத்தான ‘கை’யைப் பார்த்தேன். முதல் எழுத்து எந்த ஃபான்டிலும் ஓரளவு உட்கார்ந்துவிடும். ஆளே வேறாக இருந்தால் விலகல் சேர்ந்துகொண்டே போய், கடைசி எழுத்தில் காட்டிக்கொடுத்துவிடும். ‘கை’ விலகவில்லை.

மச்சானுக்குப் போன் செய்து, “கண்டுபிடிச்சிட்டேன், பலூ தம்பி” என்றேன்.

“யாரு மாமா அந்தத் தம்பி? அவருகிட்டயே ஒரு கால் வாங்கிக்கலாமே!”

வாங்கித்தான் கொடுத்தேன். இவ்வளவு பாடு எதற்கு, பலகையில் உள்ள எழுத்திலிருந்தே ஒரு துணைக்காலை வெட்டி எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ‘ள’வின் வலது பாதி கிட்டத்தட்டத் துணைக்கால்தான். ஆனால் நம் ‘ளி’யில் அதன் மேல் ஒரு கொக்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொக்கியைச் செதுக்கி எடுத்தால் அந்த வளைவு எங்கே முடியவேண்டும் என்று நாமாக ஊகிக்கவேண்டும். ஊகித்த கால் நொண்டும். அதுவும் ஒரு அடி உயரத்தில், எதிர்க் கடைக்காரர் பார்வையில் நொண்டும்.

செருகுவதற்கு இடம்? ‘ளி’யையும் ‘கை’யையும் வலது பக்கம் நகர்த்தினால் பழைய இடத்தில் ஒயர் போன ஓட்டைகள் பல்லை இளிக்கும். நல்லவேளையாக ‘பட்டு’வுக்கும் ‘மளிகை’க்கும் நடுவே ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். ‘ம’வை மட்டும் இடது பக்கம் தள்ளி, அது இருந்த இடத்தில் துணைக்காலை நிறுத்தினார்கள். ‘ம’வின் பழைய ஒயர் ஓட்டை வழியாகவே புதுக் காலுக்கு மின்சாரம் போயிற்று.

எழுத்து பொருந்தியது, அளவு பொருந்தியது, நிறம் பொருந்தவில்லை. மற்றவை ஒரு கோடை வெயிலைக் குடித்து வெளுத்திருந்தன. புதுக் கால் மட்டும் கல்யாணப் பெண் மாதிரி பளபளவென்று சிவந்து நிற்கிறது. அதற்கு ஃபான்டில் வைத்தியம் இல்லை. இன்னும் இரண்டு கோடை காயவேண்டும்.

பலகை வைக்கப்போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். பெயரை வாயால் சொல்லாதீர்கள், தட்டச்சு செய்து கொடுங்கள். வெட்டுவதற்கு முன் காகிதத்தில் ஒரு பிரதி வாங்கி, கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை பின்னோக்கிப் படியுங்கள். முன்னோக்கிப் படித்தால் மனம் இல்லாத காலையும் சேர்த்துப் படித்துவிடும். பணம் கொடுக்கும்போது ஃபைலையும், ஃபான்டின் பெயரையும், எத்தனை சதவீதம் இழுத்தார்கள் என்பதையும் கேட்டு வாங்கி, கடைப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். நாற்காலி போட்டு ஏற்றிவிடும் எதிர்க் கடைக்காரர் எல்லோருக்கும் வாய்க்கமாட்டார்.