24 கிராம் அட்டிகை, 20 கிராம் தங்கம்

கேள்வி: என் கல் அட்டிகை சுளையாக 3 பவுன். அன்றைய 22 காரட் விலைப்படி 2,40,000 ரூபாய்க்குப் போக வேண்டிய நகை. அடகு வைத்தால் கையில் வந்தது 1,33,800. பாதிக்குப் பாதி எங்கே போனது? ஏமாற்றிவிட்டார்களா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: நீங்கள் அனுப்பிய சீட்டை வரிவரியாகப் பார்த்தேன். ஏமாற்று இல்லை. ஆனால் பணம் எந்தெந்தப் படியில் இறங்கியது என்பதை அங்கேயே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது அவர்கள் தவறு. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 22 காரட் கிராம் 10,000 என்றே வைத்துக்கொள்வோம்.

தராசில் நின்றது 24 கிராம். அதில் சிவப்புக் கல் 2.6 கிராம், கல்லுக்கு அடியில் நிரப்பிய அரக்கு 0.9, பின்கழுத்து நூல் கயிறு 0.5. கழித்தால் நிகர எடை 20 கிராம். இந்த ஒரு படியிலேயே 40,000 ரூபாய் போய்விட்டது. உங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம் குறைவில் மிகப் பெரிய துண்டு இதுதான்.

அடுத்தது மாற்று. அட்டிகை உங்கள் அம்மா காலத்தது, ஹால்மார்க் கிடையாது. உரசிப் பார்த்ததில் 20 காரட். 20 கிராமை 20-ஆல் பெருக்கி 22-ஆல் வகுத்தால் 22 காரட் கணக்கில் 18.18 கிராம். இங்கே 18,000 ரூபாய்க்குச் சற்று மேல்.

பிறகு விலை. கடைப் பலகையில் எழுதியிருக்கும் விலையைக் கடன் தருபவர் எடுப்பதில்லை. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அதன்படி, முந்தைய 30 நாள் சராசரி, நேற்றைய முடிவு விலை, இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. இந்திய புல்லியன் ஜூவல்லர்ஸ் சங்கமோ, செபியின் கண்காணிப்பில் உள்ள பொருள் சந்தையோ வெளியிடும் விலை அது. தங்கம் ஏறுமுகத்தில் இருந்த மாதம் என்பதால் உங்களுக்குச் சராசரியே குறைவாக, 9,700 ஆக விழுந்தது. மதிப்பு 1,76,364.

அந்த மதிப்பு முழுவதையும் கடனாகத் தர முடியாது. வீட்டுச் செலவுக்கான கடன் 2.5 லட்சம் வரை இருந்தால் மதிப்பில் 85 சதவீதம்தான் உச்சவரம்பு. அதற்கு மேல் 5 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75. உங்களுக்கு 85 சதவீதம் என்றால் 1,49,909.

கடைசிப் படிதான் பலருக்கும் தெரியாதது. நீங்கள் எடுத்தது வட்டியும் முதலும் சேர்த்து ஓராண்டு முடிவில் கட்டும் கடன். அந்த வகையில் 85 சதவீதம் என்பது இன்று கையில் வாங்கும் தொகைக்கு அல்ல, ஆண்டு முடிவில் திருப்ப வேண்டிய மொத்தத்துக்கு. 12 சதவீத வட்டியோடு சேர்த்து 1,49,909-க்குள் அடங்க வேண்டும் என்றால் இன்று தரக்கூடியது 1,33,847. நூறு ரூபாய்க்குக் கீழே உள்ள சில்லறையை விட்டு 1,33,800 கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் மாதாமாதம் வட்டி கட்டுகிறேன் என்றால் கூடுதலாகத் தருவார்களா? (வாசகர், தேனி)

பதில்: விதிப்படி இடம் உண்டு. வட்டி சேராததால் உச்சவரம்பு முதலுக்கு மட்டும் பார்க்கப்படும். மேலே சொன்ன அட்டிகைக்கே சுமார் 16,000 ரூபாய் அதிகம் கிடைக்கலாம். ஆனால் 85 சதவீதம் என்பது உச்சவரம்பு மட்டுமே. அதைவிடக் குறைவாகத்தான் தருவோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. மாத வட்டி தவறினால் கடன் கெட்டுப்போகும் என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.

கேள்வி: கல்லைக் கழற்றாமலே 2.6 கிராம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? கண் பார்வை மதிப்பா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பெரும்பாலும் ஆமாம், அனுபவக் கண்ணின் மதிப்புதான். பணம் தவறிப்போக அதிக வாய்ப்புள்ள இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மதிப்பீட்டாளர் கல்லை எண்ணுவார், அளவு பார்ப்பார், எந்தக் கல் என்று பார்ப்பார். கண்ணாடிக் கல்லும் அமெரிக்கன் டைமண்ட் எனப்படும் ஜிர்கோனியா கல்லும் ஒரே அளவில் இருந்தாலும், ஜிர்கோனியா இரண்டு மடங்குக்கும் மேல் கனக்கும். மாணிக்கம் இரண்டுக்கும் நடுவே. கல் வகையைத் தவறாக எடுத்தால் கழிவும் தவறும். அடைத்த வேலைப்பாடாக இருந்தால் கல்லின் அடிப்பாகம் கண்ணுக்கே தெரியாது. அரக்கு இன்னும் சிரமம். நகாசு வேலை, கோயில் நகை, உப்பிய குண்டு, ஜிமிக்கி இவற்றில் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை உடைக்காமல் துல்லியமாகச் சொல்ல முடியாது. சந்தேகம் வந்தால் மதிப்பீட்டாளர் கூடுதலாகவே கழிப்பார். நாளை ஏலத்தில் உருக்கும்போது எடை குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

இதற்கு உங்கள் கையில் உள்ள ஒரே ஆயுதம் வாங்கிய பில். அதில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்கும். கல் எடையைச் சில கடைகள் காரட்டில் எழுதும். கல்லுக்கு 1 காரட் என்றால் 0.2 கிராம். ஆக 13 காரட் கல் என்பது 2.6 கிராம். பில்லில் 2.6 இருக்க, மதிப்பீட்டாளர் 4 என்று கழித்தால், பில்லை நீட்டி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். நேர்மையான இடத்தில் திருத்துவார்கள். திருத்த மறுத்தால் நகையை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போங்கள்.

கேள்வி: கல்லை ஆசாரியிடம் கழற்றிவிட்டு வைத்தால் லாபமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: வேண்டாம். கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தங்கத்தின் எடை அதே எடைதான். கழற்றும்போது பிடிப்புகள் முறியும், மறுபடி பதிக்கக் கூலி ஆகும். ஆனால் நூலில் கோத்த முத்து, பவளம், கருகமணி, கயிறு இவற்றைப் பிரித்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அவற்றுக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது, கழிவிலும் குழப்பம் வராது.

கேள்வி: மூக்குத்தியில் உள்ள வைரத்துக்கே 60,000 கொடுத்தேன். அதற்கு மதிப்பே இல்லையா? (வாசகி, கோவை)

பதில்: விற்பனையில் உண்டு, அடகில் இல்லை. தங்கத்தின் மதிப்பை மட்டுமே எடுக்க வேண்டும், கல்லின் விலையைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஆகவே வைர நகையை அடகுக்கு எடுத்துப் போகாதீர்கள், கல் இல்லாத தங்க வளையல் இருந்தால் அதை வையுங்கள். வேறு வழியில்லை என்றால், வைரம் இருப்பது நகையின் படத்தோடு அவர்கள் தரும் மதிப்பீட்டுச் சான்றில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வளையலில் 916 என்று தெளிவாகக் குத்தியிருக்கிறது. மதிப்பீட்டாளரோ 20 காரட் என்கிறார். யாரை நம்புவது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: முதலில் முத்திரையை நன்றாகப் பாருங்கள். வெறும் 916-ம் கடைப் பெயரும் மட்டும் இருந்தால் அது கடைக்காரர் தானே போட்டுக்கொண்டது. பி.ஐ.எஸ். முக்கோணச் சின்னம் இருந்தால்தான் ஹால்மார்க். 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்ற ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. எண்ணும் இருக்கும். BIS Care செயலியில் Verify HUID என்ற இடத்தில் அதை அடித்தால் எந்த வகை நகை, என்ன தரம் என்று வரும். திரையில் மோதிரம் என்று வந்து கையில் வளையல் இருந்தால் முத்திரை போலி.

ஹால்மார்க் உண்மையாக இருந்தும் குறைத்தால், எந்த இடத்தில் உரசினார் என்று கேளுங்கள். பழைய நகையில் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் உரசினால் மாற்று குறைவாகத்தான் காட்டும். இரண்டு மூன்று இடத்தில் உரசச் சொல்லலாம், காரட் மீட்டரில் வைத்தும் பார்க்கச் சொல்லலாம். ஆனால் மீட்டர் படிப்பது மேற்பரப்பை மட்டுமே. கனமான முலாம் பூசிய நகையை அது அதிகமாகவும் காட்டிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் மீட்டருக்குப் பிறகும் உரைகல்லைக் கையில் எடுக்கிறார்கள்.

கேள்வி: உரசுவதில் தங்கம் குறைந்துவிடாதா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: கல்லில் ஒட்டும் கோடு எடையில் கணக்கிடத்தக்கது அல்ல. அந்தப் பயத்தில் சோதனையைத் தடுக்காதீர்கள்.

கேள்வி: ஒரு நிறுவனம் கிராமுக்கு 8,000, எதிர்க்கடை 7,800. 8,000-க்குத்தானே போக வேண்டும்? (வாசகர், ஈரோடு)

பதில்: கிராம் விலை பாதிக் கணக்குதான். எத்தனை கிராமுக்கு அந்த விலை? 8,000 தருபவர் 19 கிராம் நிகர எடை என்றால் 1,52,000. 7,800 தருபவர் 20 கிராம் என்றால் 1,56,000. கல் நகைக்கு விளம்பர விலையைப் பார்க்காதீர்கள், நிகர எடையைக் கேளுங்கள். வட்டி, மதிப்பீட்டுக் கட்டணம் இரண்டையும் சேர்த்துக் கேட்டால் முழுக் கணக்கும் வந்துவிடும்.

கேள்வி: சேர்த்து வைத்த 24 காரட் தங்கக் கட்டி இருக்கிறது. அதில் கழிவே கிடையாதே? (வாசகர், சென்னை)

பதில்: கழிவு கிடையாது, கடனும் கிடையாது. கட்டிக்கு வங்கியோ நிதி நிறுவனமோ கடன் தரக் கூடாது. காசு என்றால் ஒருவருக்கு மொத்தம் 50 கிராம் வரை.

கேள்வி: நகையை உள்ளே கொண்டுபோய், அரை மணி கழித்து ஒரு தொகையை மட்டும் சொன்னார்கள். கழிவு எவ்வளவு என்று கேட்டதற்கு "அதெல்லாம் சிஸ்டம் போடும்மா" என்றார்கள். இது சரியா? (வாசகி, விருதுநகர்)

பதில்: சரியே இல்லை. உங்கள் முன்னால்தான் சோதிக்க வேண்டும். கல், கொக்கி, கயிறு என்று எதைக் கழித்தாலும் உங்களுக்கு விளக்க வேண்டும். மாற்று, மொத்த எடை, கழித்தது, நிகர எடை, நகையில் உள்ள சேதம், மதிப்பு, நகையின் படம் எல்லாம் உள்ள சான்றின் ஒரு பிரதி உங்களுக்கு வர வேண்டும். வங்கி, கூட்டுறவு வங்கி, தங்கக் கடன் நிறுவனம் எல்லோரையும் ரிசர்வ் வங்கியின் இந்த விதி கட்டுப்படுத்தும். தனியார் அடகுக்கடை இதில் வராது. அது 1943-ம் ஆண்டின் தமிழ்நாடு அடகுபிடிப்போர் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும், அடகுச் சீட்டு தர வேண்டும்.

நகை உறைக்குள் போய் முத்திரை விழுந்து நீங்களும் கையெழுத்துப் போட்ட பிறகு, சான்றில் உள்ள நிகர எடைதான் உங்கள் எடை. நகையைத் திருப்பும்போது அந்தச் சான்றை வைத்துத்தான் எடை பார்ப்பீர்கள். ஒருவேளை ஏலம் வரை போனாலும் அதை வைத்துத்தான் பேச முடியும். ஆகவே அம்மா, கையெழுத்துக்கு முன் நிகர எடை எழுதிய சான்றைக் கையில் வாங்கிப் படித்துவிடுங்கள். தர மறுக்கும் இடத்தில் நகையை வைக்காதீர்கள்.