முன்னாள் எம்.டி.

வல்வெட்டித்துறையில் ஊரிக்காட்டுப் பக்கம் போனால் முன்னாள் எம்.டி.யை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. வேலை தேடித் திரிந்த நாட்களில், வேலை தேடுகிற ஆள் என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதில் மிகக் கவனமாக இருந்தார். கம்பனி மூடி வருடக்கணக்காகியும், சேர்ட் பொக்கெற்றில் விசிட்டிங் காட் இருக்கும். காட் கட்டுக்கட்டாக மிச்சம். அச்சடித்தபோது ஆயிரமாக அடித்தால்தான் மலிவு என்றார்களாம்.

கம்பனியின் தொழில், கரையில் கூறல் முடிந்த மீனை றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, இரவு பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு அனுப்புவது. கொரோனாக் காலத்தில் தொடங்கியது. முதல் போட்டவர் ரொறன்ரோச் சித்தப்பா. பணிப்பாளர் சபையில் அம்மாவும் இருந்தார். மீன் வெட்டியவரும் அவர்தான்.

மூடியது 2022 யூலையில். அதனால் முதல் நேர்முகத்தில் ஏன் மூடினீர்கள் என்று கேட்டபோது எம்.டி.க்குப் பதில் சுலபமாக வந்தது. யூன் 27-ஆம் திகதி இரவு அரசாங்கம் அத்தியாவசிய சேவை தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பனையை நிறுத்தியதிலிருந்து தொடங்கினார். மண்ணெண்ணெய் இல்லை, போட் போகவில்லை, டொலர் ஏறியது, உக்ரேனில் சண்டை. விண் கட்டின பட்டம் மாதிரிச் சத்தம் மட்டும் பெரிதாக வந்தது. கடைசியில், 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்னபூரணி எங்கள் ஊரில் கட்டின கப்பல் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

நேர்முகம் எடுத்த மெடம் பொறுமையாகக் கேட்டார். “கப்பல் போய்ச் சேந்தது சரி. எரிபொருள் தட்டுப்பாடு வராட்டில் உங்கட கம்பனி நிண்டிருக்குமோ?”

“ஓம் மெடம். கிலோவுக்கு 250 ரூபாய் லாபம்.”

“ஐஸ் காசு போகவோ, சேத்தோ?”

அங்கேதான் எம்.டி. தண்ணீர் கேட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு விசிட்டிங் காட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். விளைமீன் கிலோ 1,200-க்கு வாங்கி 1,450-க்கு விற்றது. ஐஸ், பெட்டி, பஸ் கூலி கிலோவுக்கு 180. வெள்ளவத்தையில் வீடுவீடாகக் கொண்டுபோன ஓட்டோவுக்கு 130. ஆக 1,510. விற்ற ஒவ்வொரு கிலோவுக்கும் 60 ரூபாய் கையிலிருந்து போயிருக்கிறது. மாதம் 600 கிலோ விற்றதைத்தான் முகநூலில் போட்டுப் பெருமைப்பட்டார். அது 36,000 ரூபாய் நட்டம். வியாபாரம் கூடக் கூட சித்தப்பாவின் காசு வேகமாகக் கரைந்திருக்கிறது. பெற்றோல் வரிசை அதைச் சில மாதம் முந்தி முடித்துவைத்தது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு ஆளை மறுபக்கம் சாய்த்துவிட்டது. அடுத்த நேர்முகத்தில், “எல்லாம் என்ர பிழை சேர், எனக்கு ஒண்டும் தெரியாது” என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர் ஆறுதல் சொல்லி அனுப்பினார். உலகத்தில் பழியைப் போட்டாலும் முழுவதையும் தன் தலையில் போட்டாலும், எதிரே இருப்பவருக்கு வேண்டிய ஒரு விஷயம் மட்டும் வெளியே வருவதில்லை: எந்த முடிவு உங்களுடையது, அது பிழை என்று எதைப் பார்த்து அறிந்திருக்கலாம்?

மூன்றாவது இடம் யாழ்ப்பாண ரவுணில் ஒரு பார்சல் சேவை. இம்முறை எம்.டி. காட்டைத் திருப்பி வைத்துப் பேசினார். “கூலியைச் சேக்காமல் விலை வைச்சது நான். மாத முடிவில வங்கிப் புத்தகம் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஓடர் கூடுதெண்டு பாக்காமல் விட்டன். அஞ்சு கிலோவுக்குக் குறைஞ்ச ஓடரை நிப்பாட்டியிருந்தால் ஓட்டோக் கூலி பாதியாகியிருக்கும்.” உக்ரேன் சண்டையையும் டொலரையும் ஒரே வசனத்தில் முடித்தார். அவை நடக்காமலா போயின? ஆனால் அவற்றை அவரும் கேட்டவரும் ஒரே வரிசையில் நின்றுதான் அனுபவித்தார்கள்.

நேர்முகம் எடுத்த பெரியவர் அதற்குள் வேறொன்றைக் கேட்டார். “மூடேக்க ஆருக்கும் காசு நிண்டதோ?”

எம்.டி. இதைப் பெருமையாகச் சொல்லத் தெரியாமல் இவ்வளவு நாளும் ஒளித்துவைத்திருந்தார். ஃபிறீசரை விற்று சம்மாட்டியின் பாக்கியைத் தீர்த்தது, பெட்டி கட்டின இரண்டு பெடியளுக்கும் கடைசிச் சம்பளத்தோடு கம்பனி பங்கான 12 வீத ஈ.பி.எஃப்., 3 வீத ஈ.ரி.எஃப். இரண்டையும் கட்டினது, பிரதேச செயலகத்தில் பதிவை நிறுத்தக் கடிதம் கொடுத்தது. சித்தப்பாவுக்கு மட்டும் இன்னும் மிச்சம் என்றார். சம்மாட்டியின் நம்பரை வாங்கிப் பெரியவர் அவர் முன்னாலேயே எடுத்தார். “காசு தந்திட்டான். ஆனா மீன் விக்கத் தெரியாது” என்று ஸ்பீக்கரில் கேட்டது. வேலை கிடைத்தது.

இப்போது எம்.டி. கவுண்டரில் இருந்து கூலிக் கணக்குப் பார்க்கிறார். போன கிழமை ஒரு தம்பி பளபளவென்று விசிட்டிங் காட்டை நீட்டி, பனங்கிழங்கு லண்டனுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னான்.

“தம்பி, பெட்டிக் காசும் கூலியும் சேத்தே விலை வைச்சனீர்?”

“அது பிறகு பாப்பம் அண்ணை. இப்ப நாங்கள் வளர்ச்சியிலதான் கவனம்.”

எம்.டி. அந்தக் காட்டை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேனையை எடுத்தார்.