சூளுரையைச் சுருக்கியவர்

ஜனவரி முதல் நாள் காலையில் வாசலில் கிடக்கும் நடைக்காலணிகளைப் படமெடுத்து, அதன்கீழ்த் தம் தோல்வியை நான்கு வரிகளில் ஒப்புக்கொண்டு, இவ்வாண்டு பெரிதாக எதுவும் சொல்வதற்கில்லை என்று முகநூலில் அறிவிப்பவரே இங்கு ஆராயப்படுபவர். நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் நடக்கப்போவதாக முழங்கும் பழைய வகையினரிடமிருந்து இவர் கிளைத்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. முந்தைய ஆண்டுகளில் அதே தேதியில் எழுதியவற்றை எடுத்துக்காட்டும் ‘நினைவுகள்’ என்னும் வசதி முகநூலில் இருப்பதால், முழங்கியவர் ஓராண்டு கழித்துத் தம் முழக்கத்தைத் தாமே படித்து நாணவேண்டியதாயிற்று. அந்த நாணத்தையே முதலாகப் போட்டுத் தொழில் தொடங்கியவர் இவர்.

இவருடைய கேப்ஷன், அதாவது படத்தின்கீழ் எழுதப்படும் குறிப்பு, பார்ப்பதற்குப் போகிறபோக்கில் எழுதியதுபோலத் தோன்றினும், கிறிஸ்துமஸ் விடுமுறை தொட்டே செதுக்கப்படுவதாகும். “2024இல் தினமும் நடப்பதாகச் சொன்னேன். 11 நாள் நடந்தேன். 2025க்கு வாக்குறுதி எதுவும் இல்லை. செருப்பு ஸ்டாண்டில் இருந்த ஷூ வாசலுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்” என்பது அவ்வகைக்கு நல்ல மாதிரி. இதில் அந்த 11 என்னும் எண்ணை ஊன்றி நோக்கவேண்டும். நடந்தது நான்கே நாள் என்பது வீட்டாருக்குத் தெரியும். ஆனால் நான்கு என்றால் படிப்பவர் இரங்குவர், நாற்பது என்றால் பாராட்டிவிடுவர், பதினொன்று என்றால்தான் சிரித்துக்கொண்டே விருப்பக்குறி இடுவர் என்பதால், நேர்மையின் பொருட்டு ஏழு நாட்கள் கூட்டப்பட்டன.

இறுதி வரியும் எளிதில் வந்ததன்று. முதல் வரைவில் “வாரம் மூன்று நாள்” என்றிருந்தது. அதை எவரும் எண்ணிப் பார்த்துவிடலாம் என்பதால் நீக்கப்பட்டது. அடுத்து வந்த “முடிந்தவரை நடப்பேன்” என்பதும், எவ்வளவு முடிந்தது என்று எதிர்வீட்டுக்காரர் வினவக்கூடும் என்ற அச்சத்தால் கைவிடப்பட்டது. காலணி வாசலுக்கு வந்துவிட்டது என்பதோ, சொல்வதற்கு முன்பே நிறைவேறிவிட்ட உறுதி. ஆண்டு முழுவதற்குமான பொறுப்பைப் படமெடுத்த கணத்திலேயே முடித்துக்கொள்ளும் இத்திறனை வேறெந்தத் துறையிலாவது அவர் காட்டியிருந்தால் நாடு அறிந்திருக்கும்.

மெய்யாகவே ஏதேனும் ஒரு சங்கற்பம் மனத்தில் எழுந்துவிட்டால் அதற்கும் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். இன்ஸ்டாகிராமில் நீண்ட குறிப்பின் தொடக்க வரிகள் மட்டுமே வெளியே தெரியும், எஞ்சியவை தட்டினால்தான் விரியும் என்பதால், தோல்வி முன்னும் சங்கற்பம் மறைவிலுமாக அமைக்கப்படும். அதுவும் ஆபத்தெனத் தோன்றினால், இருபத்து நான்கு மணி நேரத்தில் தானே மறைந்துபோகும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இருக்கவே இருக்கிறது.

இவ்வகைக்கு முன்னோர் இல்லாமலில்லை. ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன், அதிகாலையில் எழவேண்டும் என்று பல்லாண்டுகள் உறுதிபூண்டு தோற்றவர். 1765இல் தம் இலக்கை எட்டு மணியாக இறக்கிக்கொண்டு, அது அதிகாலை ஆகாவிடினும், பிற்பகல் இரண்டு மணிவரை படுத்துக் கிடக்கும் தம் வழக்கத்துக்கு மிக முந்தியதுதான் என்று எழுதிவைத்தார். ஆயினும் அவர் எழுதியது தமக்கும் கடவுளுக்கும் இடையே. அக்குறிப்புகள் அச்சேறியது அவர் மறைந்த மறு ஆண்டான 1785இல். எத்தனை பேர் பார்த்தனர் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

இருப்பினும், இந்தக் காலணிப் படத்தைக் கண்டு, தம் வீட்டில் துணி காயும் நடைப்பொறியை எண்ணி ஆறுதல் அடைவோர் பலர் என்பதையும், தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளும் ஒருவரோடு தேநீர் அருந்துவது சூளுரைப்பவரோடு அருந்துவதைக் காட்டிலும் இனிது என்பதையும் மறுப்பதற்கில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. இவர் ஒப்புக்கொள்ளும் தோல்விகள் யாவும் எவருக்கும் இழப்பில்லாதவை: நடக்காத நடை, படிக்காத புத்தகம், பாதியில் விட்ட கிட்டார் வகுப்பு. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் பொருளாளராக இரண்டாண்டுகள் இருந்தும் தண்ணீர் லாரிக்கும் லிஃப்ட் பராமரிப்புக்கும் ஆன செலவுக் கணக்கை இன்னும் ஒப்படைக்காமை எந்த ஆண்டின் குறிப்பிலும் இடம்பெற்றதில்லை. கைமாற்றாக வாங்கிய தொகையும் அவ்வாறே. இந்த ஆண்டுக் குறிப்பின்கீழ், “அருமை சார், அப்படியே மெயின்டனன்ஸ் கணக்கும்?” என்று மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் பணிவாகக் கேட்டிருந்தார். அதற்கு மறுமொழியாக ஓர் இதயக்குறி இடப்பட்டிருக்கிறது.