ஒரு ஹால் வேண்டும், சார்

கேமிங் கிளப் செயலாளருக்கு வேண்டியது ஒரு ஹால். அதைக் கேட்க அவர் ஜகார்த்தாவிலிருந்து கிளம்புவார்.

முதல்வருக்கு எழுதும் கடிதத்தில் முதல் பத்தி முழுக்க 2018 ஆசிய விளையாட்டுப் போட்டிதான். அங்கே இ-ஸ்போர்ட்ஸ் காட்சிப் போட்டியாக நடந்ததையும், நம் தீர்த் மேத்தா ஹார்த்ஸ்டோன் ஆட்டத்தில் வெண்கலம் வாங்கியதையும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர் மாதிரி எழுதுவார். அடுத்த பத்தி ஹாங்சோ: அங்கே அது பதக்கப் போட்டியாகவே ஆகிவிட்டது. அதற்கடுத்தது டெல்லி: 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. எல்லாம் உண்மை. எதுவும் முதல்வர் கேட்டதில்லை.

முதல்வர் கேட்கப்போவது, என்ன ஆட்டம் என்று. அதை மட்டும் செயலாளர் எழுத மாட்டார். வாலரண்ட் என்று எழுதினால் முதல்வர் கூகுளில் தேடுவார். தேடினால் துப்பாக்கி வரும். எனவே கடிதத்தில் அது ‘ஐவர் அணி உத்தி விளையாட்டு’. கபடிக்கு ஏழு பேர் என்பதால் அந்தச் சந்தேகமும் எழாது. தலைமைப்பண்பு மூன்று இடத்தில், குழு மனப்பான்மை நான்கு இடத்தில் வரும். ‘கேம்’ என்ற சொல் கிளப்பின் பெயரில் மட்டும்தான், அதுவும் சீலில் இருப்பதால்.

ஒன்றரைப் பக்கம் கடந்த பிறகு கடைசி வரியில் விஷயம்: வரும் சனிக்கிழமை காலை 9 முதல் மாலை 5 வரை ஆடிட்டோரியம் தேவை, 32 அணிகள் வருகின்றன. கடிதம் முதல்வர் மேசைக்கு வரும் நாள் வியாழக்கிழமை.

முதல்வர் கணக்கு வாத்தியார். தோற்றால் வெளியே என்ற முறையில் 32 அணி மோதினால், ஒருவர் மிஞ்சுவதற்கு 31 பேர் வெளியேற வேண்டும். ஆக 31 ஆட்டம். வாலரண்டில் 13 சுற்று ஜெயிப்பவர் வெற்றி பெறுவார். ஓர் ஆட்டம் சுமார் 40 நிமிடம். சொந்த மவுஸைச் செருகி, லாகின் செய்து, செட்டிங்கை மாற்றி முடிக்க மேலே 20 நிமிடம். செயலாளர் வாடகைக்கு எடுப்பது பத்தே கம்ப்யூட்டர், அதாவது ஒரு சமயத்தில் ஒரே ஆட்டம். மொத்தம் 31 மணி நேரம். கேட்டிருப்பதோ எட்டு மணி நேரம். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் செயலாளர் பதறவில்லை. “நைட்டும் நடத்தலாம் சார்” என்றார்.

ஹாஸ்டல் வார்டன் அந்த அறையில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

ஒருங்கிணைப்பாளரான பேராசிரியர் வழி சொன்னார். நான்கு அணி மிஞ்சும்வரை 28 ஆட்டத்தையும் அவரவர் இடத்திலிருந்தே முந்தைய வாரம் ஆடி முடிக்கட்டும். அரையிறுதி இரண்டும், மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டிய இறுதியும் மட்டும் ஹாலில். இறுதி இழுத்தாலும் ஐந்து மணி நேரத்தில் முடியும். வீட்டிலிருந்து ஆடும்போது பெயர் கொடுத்தவனுக்குப் பதில் அவன் அண்ணன் உட்காரலாம். ஹாலிலோ அடையாள அட்டையைப் பார்த்தே உள்ளே விடலாம். சனிக்கிழமை இரண்டு வாரம் தள்ளிப் போயிற்று.

அடுத்தது கரென்ட். திரையோடு சேர்த்து ஒரு கேமிங் கம்ப்யூட்டர் 500 வாட் இழுக்கும் என்று வைத்தால் பத்துக்கு 5,000 வாட். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 22 ஆம்பியர். மேடையோரம் இருக்கும் ஒற்றை 16 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸாகச் செருகினால், ஆட்டம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்து எம்சிபி விழும். ஐந்தைந்தாகப் பிரித்துத் தனித்தனி லைனில் போட வேண்டும். கரென்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடியில் பத்தும் அணைந்துவிடும் என்பதால் யுபிஎஸ்ஸும் வேண்டும். கடிதத்தில் கரென்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சரி, கல்லூரி லேபையே கொடுக்கலாமே என்றால் அதுவும் நடக்காது. அங்கே கிராபிக்ஸ் கார்டு கிடையாது. தவிர, வாலரண்டோடு வரும் வேன்கார்ட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் அடிமடி வரை போய் உட்காரும். அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் ஏறாது. அந்த பாஸ்வேர்டை லேப் இன்சார்ஜ் சொந்த மகனுக்கே சொல்லமாட்டார்.

பந்தயப் பணம் உண்டா என்று முதல்வர் கேட்டபோதுதான் செயலாளர் தடுமாறினார். 2025 ஆன்லைன் கேமிங் சட்டம் காசு கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. இ-ஸ்போர்ட்ஸில் போட்டிச் செலவுக்கான நுழைவுக் கட்டணத்தையும் திறமைக்கான பரிசையும் அனுமதிக்கிறது. டெல்லிவரை போன கடிதம் இதைத் தொடவே இல்லை. அனுமதிக்கு உதவக்கூடிய ஒரே வரி அதுதான்.

ஆனாலும் ஆளைக் குறை சொல்ல மனம் வராது. போட்டியன்று காலை ஆறு மணிக்கே வந்து, மேசைக்கு அடியில் படுத்து, வயரையெல்லாம் டேப் போட்டு ஒட்டியது அவர்தான். தன் கிளப் அரையிறுதியில் தோற்றதைக்கூடப் பார்க்கவில்லை. அந்நேரம் எலெக்ட்ரீஷியனோடு ஜெனரேட்டர் ரூமில் நின்றிருந்தார்.

திங்கட்கிழமை எலெக்ட்ரிக்கல் லேபில் நான்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் காணோம். செயலாளரின் போன் சுவிட்ச் ஆஃப்.