மாமா மொழிபெயர்த்தால் செல்லாது

கொங்கு நாட்டில் சொந்தக்காரர் அல்லாத ஒருவரைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது கனடா விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரியும். தமிழ்ச் சான்றிதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கேட்கும் அந்நாட்டுக் குடிவரவுத் துறை, அதை யாரெல்லாம் செய்யக் கூடாது என்றும் பட்டியல் போட்டிருக்கிறது. விண்ணப்பிப்பவர் கூடாது. பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன், மனைவி, தாத்தா, பாட்டி கூடாது. சித்தப்பா, மாமா, அத்தை கூடாது. அத்தை பையனும் கூடாது. அவர்களில் யாராவது வக்கீலோ நோட்டரியோ ஆனாலும் கூடாது. பட்டியலைப் படித்து முடிப்பதற்குள் கல்யாணப் பந்தியில் பாதி இலை காலியாகிவிடும்.

சூலூர்ப் பக்கம் கோகிலா என்று ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். கனடாவில் அவள் படிக்கும் செலவு அப்பா சுப்பிரமணியத்துடையது. அவர்தான் அப்பா என்று காட்டப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். கையில் இருப்பதோ முழுக்க முழுக்கத் தமிழில் எழுதிய பழைய சான்றிதழ்.

“நாலு வரிக்கு எதுக்கு அம்மிணி காசு? நானே எழுதித் தர்றேன்” என்கிறார் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியரான தாய்மாமா. அவர் ஆங்கிலத்தில் குறை சொல்ல முடியாது. உறவுதான் குறை.

ஆகவே கோவை கோபாலபுரம், நீதிமன்றப் பக்கம். அரசு உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் என்ற ஏற்பாடு ஜெர்மனி போன்ற நாடுகளில் உண்டு. நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. அதனால் மொழிபெயர்த்தவர், ‘இது மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு’ என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூலத்தின் நகல், மொழிபெயர்ப்பு, பத்திரம் மூன்றும் ஒன்றாகப் போகும். 1952ஆம் ஆண்டு நோட்டரி சட்டத்தின் 8ஆம் பிரிவு மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் அதிகாரத்தையும் நோட்டரிக்குத் தருகிறது. ஆனாலும் உறுதிமொழிப் பத்திரத்தில் அவர் சாட்சி சொல்வது, இன்னார் என் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்திட்டார் என்பதற்கு மட்டுமே. சிவப்பு முத்திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பிழை திருந்தாது.

பிழை பெரும்பாலும் சான்றிதழின் அடியில் ஒளிந்திருக்கும். ‘பிறப்பு இறப்புப் பதிவாளர்’ என்று வட்டமாகக் குத்திய முத்திரையைப் பலர் படம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். கனடாவுக்கு முத்திரையில் உள்ள எழுத்தும் மொழிபெயர்ந்து வர வேண்டும். மை பரவி வாசிக்க முடியாவிட்டால், அடைப்புக்குறிக்குள் ‘முத்திரை தெளிவாக இல்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதுவதுதான் முறை. ஊகித்து நிரப்பக் கூடாது.

கோகிலாவின் சான்றிதழில் இன்னொரு சங்கதி. தகப்பனார் பெயர் ‘மணி’. ஆஸ்பத்திரியில் யாரோ கேட்டபோது யாரோ சொன்னது.

“ஏனுங், அதைச் சுப்பிரமணியம்னு போட்டுருங்க. ஊருக்கே தெரியுமுங்க, ரெண்டும் நாந்தான்.”

ஊருக்குத் தெரியும், ஒட்டாவாவுக்குத் தெரியாது. மூலத்தில் மணி என்றால் மொழிபெயர்ப்பிலும் மணிதான். பாஸ்போர்ட்டைப் பார்த்துத் திருத்தியவர் பொய்ச் சத்தியம் செய்தவராகிறார். திருத்தம் பதிவாளரிடம் நடக்க வேண்டும். 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அதற்கு வழி சொல்கிறது: பழைய பதிவை அடிக்காமல், ஓரத்தில் குறிப்பெழுதிக் கையெழுத்திடுவது. சான்றிதழில் அந்தக் குறிப்பு வந்தால் அதையும் மொழிபெயர்க்க வேண்டும்.

பிள்ளையின் பெயர் கதை வேறு. தமிழில் கோகிலா கோகிலாதான். பாஸ்போர்ட்டில் அவள் ஆங்கில ‘ஜி’யில் தொடங்குகிறாள், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ‘கே’யில். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்ப்பவர் பாஸ்போர்ட்டின் எழுத்தையே எடுத்துக்கொள்ளலாம். அவர் அதில் எதையும் மாற்றவில்லை, தமிழில் இல்லாத ஒரு வித்தியாசத்துக்கு இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார், அவ்வளவுதான். மதிப்பெண் பட்டியலில் ஏற்கெனவே அச்சாகிவிட்ட ‘கே’ அவர் கைக்கு எட்டாதது. அதற்குத் தனி மனு, தனி அலைச்சல்.

“சென்னைக்குப் போய் அப்போஸ்டில் வாங்கிட்டா எல்லாம் சரியாயிருமுங்க” என்று டீக்கடையில் ஒருவர் சொல்வார். அப்போஸ்டில் ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் அசல்தான் என்று சொல்லும்; மணி யார் என்று சொல்லாது.

இதே சான்றிதழ் லண்டனுக்கோ அமெரிக்காவுக்கோ போனால் நோட்டரியே தேவையில்லை. பிரிட்டன் கேட்பது, மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம். அமெரிக்கக் குடியேற்ற விதிக்கோ, மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, எனக்கு இதற்குத் தகுதி உண்டு என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். இதைச் சொன்னால் சுப்பிரமணியங்கள் நம்புவதில்லை. முத்திரையே இல்லாத காகிதத்தை வெள்ளைக்காரன் வாங்குவானா என்று கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நோட்டரியிடம் ஒன்று குத்தி வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார்கள்.